வரலாற்றுச் செயல்திட்ட வைவா: எந்தக் கேள்வியில் தடுமாறுகிறீர்கள், அதை எப்படிச் சரிசெய்வது?

சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் செயல்திட்டத்துக்கு உரிய 20 மதிப்பெண்ணில், வைவா எனப்படும் வாய்மொழிக் கேள்விகளும் அடங்கும். ஒரு மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம்தான். ஆசிரியராக மேசையின் இந்தப் பக்கத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் கேட்டதில், மாணவர்கள் தடுமாறும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை என்பதைக் கண்டேன். தலைப்பு எதுவானாலும் அதே ஆறு இடங்களில்தான் பேச்சு நின்றுபோகிறது. அவற்றை இங்கே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் கீழே, பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய காரணம் முதலிலும், நாள்கணக்கில் உழைப்பு கேட்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே செயல்திட்டத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய் எழுச்சி. அந்த ஆண்டு ஜூலை 10 அன்று விடியலுக்கு முன், கோட்டையிலிருந்த மதராஸ் படையின் இந்தியச் சிப்பாய்கள் அங்கிருந்த ஆங்கிலேயப் படையினரைத் தாக்கினார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கர்னல் கில்லெஸ்பி அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். சாதிக்குறிகளையும் தாடியையும் தடைசெய்து, ஆங்கிலேயரின் தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையைக் கட்டாயமாக்கிய ஆணை சிப்பாய்களைக் கொதிக்கச் செய்திருந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் அவருடைய பிள்ளைகள் காவலில் வைக்கப்பட்டிருந்ததும் அதே கோட்டையில்தான்.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறி எது என்று அறிய, வீட்டில் ஒருவரிடம் அறிக்கையைக் கொடுத்து அவர் மனத்தில் தோன்றும் ஆறேழு கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதில்களைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பிறகு தனியாகக் கேளுங்கள். எந்தக் கேள்வியில் குரல் தாழ்கிறதோ, எங்கே "அதாவது" என்ற சொல் மூன்று முறை வருகிறதோ, அந்த அறிகுறிக்கு நேராகச் செல்லலாம்.

## அறிகுறி 1: "உன் செயல்திட்டம் எதைப் பற்றியது?" என்றால் பதில் முடிவதே இல்லை

எளிய காரணம், வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் இருப்பது. எழுத்தில் முன்னுரையாக இருப்பது பேச்சில் முன்னுரையாகாது. நாற்பது வினாடியில் சொல்லி முடிக்க முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். நாலைந்து முறை சொன்ன பிறகு முடிந்துவிட்டால் பழுது அவ்வளவுதான்.

முடியவில்லை என்றால், உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை என்று பொருள். "வேலூர்ப் புரட்சி" என்பது தலைப்பு. அதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கோட்டையைக் கட்டிய காலத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும், எங்கே நிறுத்துவது என்றும் தெரியாது. "தலைப்பாகை ஆணை மட்டும் இவ்வளவு பெரிய எழுச்சிக்குப் போதுமான காரணமா?" என்பது கேள்வி. இதைக் கையில் வைத்திருப்பவர் இப்படித் தொடங்கலாம்: "1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று உடை பற்றிய ஆணை, மற்றொன்று திப்புவின் குடும்பம் அங்கே இருந்தது. இவற்றில் எது முதன்மையானது என்று பார்க்க முயன்றேன். ஆணைதான் முதன்மையானது என்ற முடிவுக்கு வந்தேன், ஆனால் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது." இங்கே நிறுத்திவிடலாம். அந்த ஐயம் என்ன என்றுதான் ஆசிரியர் அடுத்துக் கேட்பார், அதற்கான பதில் உங்களிடம் இருக்கும்.

செலவு மிகுந்த காரணம், கேள்வி ஒன்றாகவும் பக்கங்கள் வேறாகவும் இருப்பது. இருபத்தைந்து பக்க அறிக்கையில் பதினைந்து பக்கம் கோட்டையின் அகழி, மதில், உள்ளே இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் ஆகியவற்றுக்கே போயிருந்தால், எழுச்சியின் காரணம் பற்றிய கேள்வியைத் தாங்க அந்த அறிக்கைக்கு வலு இல்லை. சமர்ப்பிக்க இன்னும் நாள் இருந்தால் பக்கங்களைக் குறையுங்கள். சமர்ப்பித்தாகிவிட்டது என்றால், பக்கங்கள் உண்மையில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கின்றனவோ அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டு, முன்னுரையை அதற்கேற்பப் பேசப் பழகுங்கள். தலைப்பையே மாற்ற வேண்டும் என்று தோன்றினால் நீங்களாக மாற்றிவிடாமல் வழிகாட்டும் ஆசிரியரிடம் உடனே செல்லுங்கள். ஒப்புதல் பெற்ற தலைப்பும் சமர்ப்பித்த தலைப்பும் வேறாக இருந்தால், வைவாவின் முதல் இரண்டு நிமிடமும் அந்த விளக்கத்திலேயே கரைந்துவிடும்.

## அறிகுறி 2: "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்றால் "புத்தகத்தில் இருக்கிறது, சார்" என்பதே பதில்

நான் பார்த்தவற்றில் மிகப் பொதுவான பழுது இதுதான். மதிப்பெண் அதிகம் போவதும் இங்கேதான், ஏனென்றால் வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிவதே செயல்திட்டத்தின் நோக்கம்.

முதல் காரணம் வெறும் மறதி. படித்தபோது தெரிந்திருந்தது, எந்தச் செய்தி எந்த நூலிலிருந்து வந்தது என்பது இப்போது நினைவில் இல்லை. இதற்கு ஒரு மாலை போதும். உங்கள் பிரதியின் ஓரத்தில், ஒவ்வொரு பத்தியிலும் முதன்மையான ஒரு செய்திக்கு நேராக, அது வந்த இடத்தைப் பென்சிலில் எழுதுங்கள். எல்லா வாக்கியங்களுக்கும் எழுத முயன்றால் சலித்து நடுவில் விட்டுவிடுவீர்கள். பத்திக்கு ஒன்று போதும். இடம் நினைவுக்கு வராத செய்திகளைத் தேடிக் கண்டுபிடியுங்கள், கிடைக்காதவற்றை வைவாவில் நீங்களாக எடுத்துப் பேசாதீர்கள்.

இரண்டாவது காரணம், எல்லாச் சான்றுகளையும் ஒரே தட்டில் வைப்பது. பாடநூல், இணையக் கட்டுரை, விசாரணைக் குழுவின் அறிக்கை, நேரில் கண்டவரின் எழுத்து ஆகிய நான்கும் "புத்தகம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டால், எதை எவ்வளவு நம்பலாம் என்ற எண்ணமே எழாது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உங்கள் சான்றுகளில் ஏதாவது ஒன்றை எடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதை எழுதியவர் அன்று எங்கே இருந்தார்? எப்போது எழுதினார்? இதில் அவருக்கு என்ன நலன் இருந்தது?

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம். கொல்லப்பட்ட கர்னல் ஃபேன்கோர்ட்டின் மனைவி அன்று கோட்டைக்குள்தான் இருந்தார். குழந்தைகளுடன் ஒளிந்திருந்து உயிர்தப்பி, தான் கண்டதைப் பின்னர் எழுதிவைத்தார். அவர் எங்கே இருந்தார் என்ற கேள்விக்கு இதைவிட நெருக்கமான பதில் கிடையாது. நள்ளிரவுக்குப் பின் கேட்ட துப்பாக்கி ஓசை, வீட்டுக்குள் பரவிய அச்சம், கணவர் வெளியே சென்ற வேளை ஆகியவற்றுக்கு அவர் நல்ல சாட்சி. ஆனால் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்பதற்கு அவர் சாட்சியாக முடியாது. சிப்பாய்களின் குடியிருப்பில் என்ன பேசப்பட்டது என்பது ஒளிந்திருந்த அறைக்குள் கேட்டிருக்காது. அதோடு, அவர் எழுதியது கணவரை இழந்த துயரத்தில். இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்த மாணவர், ஒரு சான்று எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அறிந்தவர். வைவாவில் இதை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

விசாரணைக் குழுவின் அறிக்கைக்கும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எழுதியவர்கள் அரசு நியமித்த அதிகாரிகள். எழுதியது எழுச்சி அடக்கப்பட்ட பின். பழி யார்மீது விழ வேண்டும் என்பது அப்போது பெரிய அரசியலாக இருந்தது. தலைப்பாகை ஆணைதான் காரணம் என்றால் பழி தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கையும் அந்த ஆணையை அனுமதித்த ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் சேரும். திப்புவின் பிள்ளைகள் செய்த சதிதான் காரணம் என்றால் இருவருக்கும் சுமை குறையும். குழு உடை ஆணையையும் திப்பு குடும்பத்தினரின் இருப்பையும் காரணங்களாகக் காட்டியது. 1807இல் இருவருமே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள். இவ்வளவும் தெரிந்தால், அறிக்கையில் ஒரு வரியைப் படிக்கும்போதே "இப்படிச் சொல்வதால் யாருக்கு நன்மை?" என்ற கேள்வி தானாக எழும்.

மூன்றாவது காரணம்தான் செலவு மிகுந்தது: உங்கள் சான்றுகள் அனைத்தும் உண்மையில் ஒரே சான்று. நான்கு இணையக் கட்டுரைகளைப் படித்திருப்பீர்கள், ஆனால் நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்து எழுதியவையாக இருக்கும். சோதனை இது: நான்கிலும் ஒரே வாக்கிய அமைப்பு, ஒரே பிழை, ஒரே வரிசை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்களிடம் இருப்பது ஒரு சான்றுதான். அப்படியானால் பள்ளி நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ நூலகரிடம் சென்று, தலைப்பைச் சொல்லி, அச்சில் வந்த இரண்டு நூல்களையாவது கேளுங்கள். இந்த அறிகுறிக்கு நூலகரே உரிய வல்லுநர், அவரிடம் செல்லத் தயங்க வேண்டியதில்லை. மூல ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. பள்ளிச் செயல்திட்டத்துக்காக அங்கே போய்த் தேடியிருக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நூலில் மேற்கோளாக வந்த ஆவணத்தைப் படித்துவிட்டு மூல ஆவணத்தையே பார்த்தது போலப் பேசாதீர்கள். "இன்ன நூலில் எடுத்துக் காட்டியிருப்பதைப் படித்தேன்" என்பது முழு மதிப்புள்ள பதில்.

## அறிகுறி 3: "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்றால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது

எளிய காரணம், அறிக்கையிலேயே இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் இருப்பது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை எண்களை மட்டும் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். ஒன்றுக்கொன்று முரண்படுபவை அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த காரணம், இரண்டு எண்கள் இரண்டு வேறு பொருள்களை எண்ணுகின்றன என்பதைக் கவனிக்காதது. வேலூரில் ஆங்கிலேயத் தரப்பில் நூற்றுச் சொச்சம் பேர் என்று ஒரு நூலிலும் ஏறத்தாழ 200 என்று மற்றொரு நூலிலும் காணலாம். முதலாவது இறந்தவர்களின் கணக்காகவும், இரண்டாவது காயமுற்றவர்களையும் சேர்த்த கணக்காகவும் இருக்கக்கூடும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதினால் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும்.

இவை இரண்டும் இல்லையென்றால், சான்றுகளுக்கிடையே உண்மையான முரண்பாடு இருக்கிறது. இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கையில் அதுதான் நிலைமை. சில நூல்கள் 350 அளவில் நிறுத்துகின்றன. அன்று கில்லெஸ்பியுடன் வந்திருந்த அதிகாரி ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நினைவுக்குறிப்பில், கோட்டையிலிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்ட உடல்கள் 800க்கு மேல் என்கிறார். மாணவர்கள் இதைக் கண்டால் பயந்து, ஏதோ ஓர் எண்ணைத் தேர்ந்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு. இரண்டு எண்களையும் சொல்லி, அவை ஏன் வேறுபடக்கூடும் என்பதையும் சொல்லுங்கள். வென்ற தரப்பின் படைக் கணக்கில் தன் வீரர்களின் பெயர்ப் பட்டியல் ஒழுங்காக இருக்கும். எதிர்த்து எழுந்து கோட்டைக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பதிவுசெய்யும் அக்கறை அந்த நாளில் யாருக்கு இருந்திருக்கும்? நினைவிலிருந்து எழுதும்போது எண்கள் பெருகுவதும் உண்டு. "சரியான எண்ணைச் சொல்ல முடியாது, சில நூறு பேர் என்பதில் ஐயமில்லை" என்று ஒரு மாணவி சொன்னபோது, அதற்குமேல் அந்தக் கேள்வியை நான் நீட்டவில்லை.

## அறிகுறி 4: "இது கலகமா, புரட்சியா?" என்றால் முடிவுரையை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறீர்கள்

சில நேரம் இதற்குக் காரணம் கேள்வியைச் சரியாகக் கேட்காததுதான். அடுத்த முறை பதிலைத் தொடங்கும் முன் கேள்வியை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: "எந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்கிறீர்களா, மிஸ்?" இதைச் சொல்ல ஐந்து வினாடி ஆகும். அதற்குள் மனம் ஒப்புவித்தலிலிருந்து சிந்தனைக்கு வந்துவிடும்.

பெரும்பாலும் காரணம் வேறு. அறிக்கையில் வரும் சொற்களை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவை படித்த நூலிலிருந்து தாமாக வந்து சேர்ந்தவை. ஆங்கிலேயர் இராணுவ ஒழுங்கின் கண்கொண்டு பார்த்ததால் அவர்களுடைய பதிவுகளில் அது கலகம். இங்கே பின்னாளில் எழுதப்பட்ட நூல்களில் புரட்சி. உங்கள் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் கலகம், ஒன்பதாம் பக்கத்தில் புரட்சி, முடிவுரையில் முதல் சுதந்திரப் போர் என்று இருந்தால், மூன்று நூல்களின் குரல் அதில் இருக்கிறது, உங்கள் குரல் இல்லை. சொற்களைத் தேடி எண்ணிப் பாருங்கள். ஒன்றைத் தேர்ந்து, அதற்கு ஒரே ஒரு காரணத்தை எழுதிவையுங்கள். சிப்பாய்கள் கோட்டையைக் கைப்பற்றிய பின் திப்புவின் கொடியை ஏற்றியதைச் சான்றாகக் காட்டி, ஆட்சியை மாற்றும் எண்ணம் இருந்தது என்று ஒருவர் வாதிடலாம். கொடி ஏற்றிய பின்னும் கோட்டைக் காவலை உறுதிசெய்யாமல் பலர் கொள்ளையில் இறங்கியதைக் காட்டி, திட்டமிட்ட ஆட்சி மாற்றம் அல்ல என்று இன்னொருவர் வாதிடலாம். இரண்டும் ஏற்கத்தக்க பதில்களே. எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் நீங்களே சொல்லிவிட்டுப் பிறகு உங்கள் முடிவைச் சொன்னால் அது உங்கள் கருத்தாகிவிடும்.

"முதல்" என்ற சொல்லில் தனிக் கவனம் தேவை. "முதல் சுதந்திரப் போர்" என்று எழுதியிருந்தால், அதற்கு முன் எதுவும் இல்லையா என்ற கேள்வி உறுதியாக வரும். 1764இல் வங்காளப் படையின் சிப்பாய்கள் கீழ்ப்படிய மறுத்தார்கள், ஹெக்டர் மன்றோ அவர்களில் இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். வேலூருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1801 ஜூனில், மருது சகோதரர்களின் பெயரில் திருச்சியில் ஆங்கிலேயருக்கு எதிரான அறிக்கை ஒட்டப்பட்டது. இவற்றை அறியாமல் "முதல்" என்று எழுதியிருந்தால், பட்டத்தைக் காப்பாற்றப் போராடாதீர்கள். "எந்த வகையில் முதல்" என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் பல பட்டாலியன்களின் சிப்பாய்கள் சேர்ந்து ஆங்கிலேயக் கோட்டை ஒன்றைச் சில மணி நேரமாவது கைக்கொண்டார்கள் என்ற அளவில் பேசினால் நிலைத்து நிற்கலாம்.

இந்த அறிகுறியின் செலவு மிகுந்த வடிவம், உங்களுக்கு உண்மையிலேயே கருத்து இல்லாதிருப்பது. அதற்கு விரைவான தீர்வு கிடையாது. ஓர் ஆசிரியருடனோ, எதிர்வாதம் செய்யத் தயங்காத நண்பருடனோ உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள். எழுதிப் பார்ப்பதைவிடப் பேசும்போதுதான் கருத்து உருவாகும்.

## அறிகுறி 5: உங்கள் அறிக்கையிலுள்ள வாக்கியத்தை ஆசிரியர் படித்துக் காட்டினால் உங்களுக்கே விளங்கவில்லை

இதை நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். அறிக்கையைப் புரட்டி ஏதாவது பத்து வாக்கியங்களில் விரல் வையுங்கள். ஒவ்வொன்றையும் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வது போல எளிய தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒன்றிரண்டில் தடுமாறினால் சொல் தெரியாததுதான் காரணம். அகராதியில் பார்த்து, கடினமான சொல்லின் பொருளைப் பக்க ஓரத்தில் எழுதிவிட்டால் போதும். பட்டாலியன், ரெஜிமென்ட், இராணுவ நீதிமன்றம் போன்ற சொற்களை எழுதிவிட்டு விளக்கத் தெரியாமல் நின்றவர்கள் பலர்.

ஐந்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் பகுதியை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், அல்லது அது அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. நானும் ஒரு முறை, "இராணுவ ஒழுங்குமுறைகளின் கலாச்சார உணர்வின்மை" என்று அழகாக எழுதியிருந்த மாணவரிடம் அதற்குப் பொருள் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா எழுதிக் கொடுத்தது, சார்" என்றார். 1806 மே மாதத்திலேயே புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டதும், இருவருக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டதும் அவருக்குத் தெரிந்தே இருந்தன. அந்தச் செய்தியைத் தன் சொற்களில் எழுதியிருந்தால் அக்காவின் வாக்கியம் சொல்ல வந்ததையே அவர் இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பார்.

சமர்ப்பிக்காத நிலையில் இருந்தால் அந்தப் பகுதிகளை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து மீண்டும் எழுதுங்கள். பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சமர்ப்பித்துவிட்டீர்கள் என்றால், வைவாவுக்கு முன்பே ஆசிரியரைத் தனியாகச் சந்தித்து எந்தப் பகுதி உங்களுடையது அல்ல என்பதைச் சொல்லிவிடுங்கள். வைவாவில் கண்டுபிடிக்கப்படுவதைவிட அதன் விளைவு எப்போதும் இலேசானது, ஆசிரியருக்கும் உதவ வழி இருக்கும்.

## அறிகுறி 6: படத்தைப் பற்றிக் கேட்டால் பதில் இல்லை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அலங்காரத்துக்காகச் சேர்த்த படம். இன்றைய வேலூர்க் கோட்டையின் புகைப்படத்துக்குக் கீழே "1806இல் வேலூர்க் கோட்டை" என்று எழுதியிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். புகைப்படக் கலையே இல்லாத ஆண்டு அது. ஒவ்வொரு படத்துக்கும் இது எந்தக் காலத்தது, வரைந்தவர் அல்லது எடுத்தவர் யார், என் கேள்விக்கு இது என்ன சொல்கிறது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீக்கிவிடுங்கள். 2006இல் வெளியான இருநூற்றாண்டு நினைவு அஞ்சல்தலையைச் சேர்த்திருந்தால், அது 1806க்குச் சான்றல்ல, 2006இல் இந்த நிகழ்வை எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பதற்குச் சான்று என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்ல முடிந்தால் அதைவிட நல்ல படம் வேறில்லை.

## எல்லாம் சரியாக இருந்தும் அறைக்குள் நுழைந்ததும் மறந்துபோனால்

முதலில் பார்க்க வேண்டியது, எதை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்பதை. முழுப் பத்திகளாக ஒப்பித்துப் பழகியவருக்கு ஒரு சொல் தவறினால் பின்னால் வரும் எல்லாம் தவறிவிடும். அதற்குப் பதிலாக ஒரு தாளில் ஐந்து சொற்களை மட்டும் எழுதுங்கள். வேலூர்ச் செயல்திட்டத்துக்கு அவை: ஆணை, மே மாதத் தண்டனை, திப்புவின் பிள்ளைகள், ஜூலை 10, விசாரணைக் குழு. ஒவ்வொரு சொல்லிலிருந்தும் இரண்டு நிமிடம் பேச முடிகிறதா என்று ஒவ்வொரு நாளும் வரிசையை மாற்றிப் பழகுங்கள். வரிசை மாறினாலும் பேச்சு வந்தால் இனி மறக்காது.

அதன் பிறகும் குரல் எழவில்லை என்றால் உண்மையைச் சொல்லுங்கள்: "சார், ஒரு நிமிடம் கொடுங்கள்." கொடுக்காத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்பதோடு நிறுத்தாமல், எங்கே தேடுவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிப்பாய்களின் சொந்த ஊர்கள் எவை என்று கேட்டால், "தெரியவில்லை, படைப்பிரிவின் ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பேன்" என்பது நல்ல பதில்.

வைவா நெருங்கும் நாள்களில் உறக்கம் கெடுகிறது, உணவு இறங்கவில்லை, தேர்வு அறையின் வாசலில் மூச்சு முட்டுகிறது என்றால் அது செயல்திட்டத்தின் பழுது அல்ல, இந்த வழிமுறையும் அதற்குப் போதாது. பெற்றோரிடம் சொல்லி, பள்ளியின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். வகுப்பாசிரியரிடமும் முன்கூட்டியே தெரிவியுங்கள். கடைசி வரிசையில் அழைப்பதா, முதலில் அழைத்து அனுப்பிவிடுவதா, உடன் ஒரு நண்பரை அறையில் இருக்க விடுவதா என்பதையெல்லாம் அவரால் ஏற்பாடு செய்ய முடியும், ஆனால் அதற்கு வைவாவுக்கு இரண்டு நாளாவது முன்னதாக அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.